சைகை மொழி என்றால் இந்தியைக் கையால் பேசுவதா? மயூர் விஹாரிலிருந்து ஒரு கேள்வி

யமுனைக்கரை

என் தம்பி மகளுக்கு நாலு வயசு. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மெஷின் போட்டிருக்கிறாள், பெரிய பலன் இல்லை. தம்பி குடும்பமும் நாங்களும் டெல்லி மயூர் விஹாரில் ஒரே வீட்டில் இருப்பதால் பகலில் அவள் பெரும்பாலும் என்னோடுதான் இருப்பாள்.

அவள் போகும் மையத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு டீச்சர் எங்களிடம் இப்படிச் சொன்னார்: "சைகை தனி மொழி எல்லாம் இல்லை. இங்கே நாங்கள் இந்தியைக் கையால் காட்டுகிறோம். நீங்கள் வீட்டில் தமிழைக் கையால் காட்டுங்கள். வாயால் என்ன சொல்வீர்களோ அதே வரிசையில் ஒவ்வொரு சொல்லாக." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டில் அப்படியே செய்துகொண்டிருக்கிறோம். சொல் இருக்கும் இடத்தில் சொல்லுக்கான சைகை. 'எனக்கு', 'உனக்கு' என்பதில் வரும் 'க்கு'வுக்குச் சுண்டு விரலை மடக்குவது என்று நாங்களே ஒன்று வைத்துக்கொண்டோம். 'கொடுத்தாங்களா' என்பதில் கடைசி 'ஆ'வுக்கு ஒன்று.

தோசை, தண்ணீர், பாட்டி, பஸ் என்று தனிச் சொற்களைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். ஆனால் "டீச்சர் உனக்குப் புத்தகம் கொடுத்தாங்களா?" என்று முழுதாகக் காட்டினால் 'புத்தகம்' என்று மட்டும் திருப்பிக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். எத்தனை நிதானமாகக் காட்டினாலும் அதேதான்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பையன் அவளை அடித்ததை அவளாகவே சொன்னாள். முதலில் வலது பக்கம் காற்றில் ஒரு இடத்தைக் காட்டினாள். பிறகு அந்த இடத்திலிருந்து தன் தோளை நோக்கி 'அடி' என்று கையைக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் காட்டியதில்லை. இதைத் திருத்தவா, விடவா?

பழைய_ஸ்டெனோ

டீச்சர் சொன்னதில் விஷயம் இருக்கிறது அம்மா. நான் ஆர்.கே.புரத்தில் முப்பது வருஷமாக இருக்கிறேன், மொழியியல் புத்தகங்கள் படிப்பதில் ஆர்வம் உண்டு. நம் ஊர் சைகையில் வினை கடைசியில் வரும். 'நான் தோசை சாப்பிடு' என்றுதான் காட்டுவார்கள். இந்தியிலும் தமிழிலும் வினை கடைசியில்தான். ஆங்கிலம் போல் நடுவில் வருவதில்லை. சுற்றியிருக்கிறவர்கள் பேசும் மொழியின் வரிசை கைக்கு வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? சொற்கள் கையில், இலக்கணம் வாயில் என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அதுவும் போக, ஆணுக்கு மீசை, பெண்ணுக்கு மூக்குத்தி என்று பார்த்ததை வரைந்து காட்டுவதுதானே பல சைகைகள். அதை நடிப்பு என்று சொல்லலாம், மொழி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை.

கரோல்பாக்_காபி

எங்கள் அப்பாவுக்கு எழுபத்தி நாலு. ரெண்டு வருஷமாகக் காது சுத்தமாகப் போய்விட்டது. டிவி சத்தத்தால் வீட்டில் தினமும் சண்டை. அவருக்கு இந்த மொழியைக் கற்றுக்கொடுக்கலாமா? டெல்லியில் தமிழில் சொல்லித்தரும் இடம் எது?

கைப்பேச்சு

யமுனைக்கரை அக்கா, திருத்தாதீர்கள். அந்த 'அடி'தான் நீங்கள் எழுதியதிலேயே முக்கியமானது. விளக்கமாகச் சொல்கிறேன்.

என் அம்மா அப்பா இருவருக்கும் காது கேட்காது. மூனிர்காவில் வளர்ந்தேன். எனக்கு முதல் மொழி இந்திய சைகை மொழி, தமிழ் பாட்டியிடம் வந்தது, இந்தி தெருவில் வந்தது. இப்போது இன்டர்பிரெட்டராக வேலை செய்கிறேன்.

முதலில் ஸ்டெனோ சாருக்கு. வினை கடைசியில் வரும் என்பது சரி. ஆனால் ஒரு இடத்தில் ஒத்துப்போவதை வைத்து மொத்தமும் நகல் என்று சொல்ல முடியாது. ஒத்துப்போகாத இடத்தைப் பார்க்க வேண்டும். இந்தியில் 'நஹீன்' எங்கே வரும்? 'டீச்சர் நே கிதாப் நஹீன் தீ'. கொடுப்பதற்கு முன்னால். டெல்லியில் பிறந்து வளர்ந்து, இந்தியைத் தவிர வேறு எழுத்து படிக்காத ஒரு காது கேளாதவரைக் காட்டச் சொல்லுங்கள். 'டீச்சர் – புத்தகம் – கொடு – இல்லை' என்பார். 'இல்லை' வினைக்குப் பிறகுதான். இந்தியைக் கையால் காட்டுவதாக இருந்தால் அது வினைக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

'கொடுக்கவில்லை' என்று தமிழிலும் பின்னால்தானே வருகிறது என்பீர்கள். சரி, கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'நீ எங்கே போற?', 'தும் கஹான் ஜா ரஹே ஹோ?' இரண்டிலும் கேள்விச் சொல் வினைக்கு முன்னால். சைகையில் 'நீ – போ – எங்கே'. கேள்வி கடைசிக்குப் போய்விடும். தமிழிலும் 'நீ போறது எங்கே' என்று சொல்லலாம், ஆனால் அது அழுத்தத்துக்காகச் சொல்வது. சைகையில் அதுதான் சாதாரண வாக்கியம். கேள்விச் சொல்லையே கட்டும் விதமும் வேறு. பல ஊர்களில் பொதுவாக ஒரே கேள்விக் குறிதான். அதோடு 'முகம்' சேர்ந்தால் யார், 'இடம்' சேர்ந்தால் எங்கே, 'நேரம்' சேர்ந்தால் எப்போது, 'எண்' சேர்ந்தால் எத்தனை. தமிழிலும் இந்தியிலும் இப்படிக் கட்டுவதில்லை. உல்ரிகே சேஷான் என்ற ஜெர்மன் மொழியியலாளர் டெல்லியிலும் கராச்சியிலும் காது கேளாதவர்களோடு இருந்து இதையெல்லாம் பதிவு செய்து 2000-இல் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடிப்படை இலக்கணம் ஒன்றுதான் என்றார்.

இப்போது உங்கள் வீட்டுக் கேள்வி. 'டீச்சர் உனக்குப் புத்தகம் கொடுத்தாங்களா?' இதை என் அம்மா எப்படிக் கேட்பார்?

நேற்று நடந்ததைக் கேட்பதாக இருந்தால் 'நேற்று' முதலில் வரும், ஏனென்றால் வினைக்குக் காலம் காட்டும் விகுதி கிடையாது. காலத்தை முதலில் வைத்துவிட்டால் பிறகு வருவதெல்லாம் அந்தக் காலத்தில் நடந்ததுதான். அப்புறம் 'டீச்சர்' என்று காட்டி வலது பக்கம் ஒரு இடத்தைச் சுட்டுவார். இனி அந்த இடம்தான் டீச்சர். 'புத்தகம்'. பிறகு 'கொடு' என்ற கை வலது பக்க இடத்தில் கிளம்பிக் குழந்தையின் நெஞ்சை நோக்கி வரும். டீச்சர் கொடுத்தார், உனக்குக் கொடுத்தார் என்ற இரண்டும் அந்த ஒரு அசைவில் அடங்கிவிட்டது. உங்கள் 'க்கு' அங்கேதான் இருக்கிறது. சுண்டு விரலுக்கு வேலையே இல்லை. கடைசியில் 'கொடு' முடியும்போது புருவம் உயர்ந்து, கண் விரிந்து, தலை லேசாக முன்னால் சாய்ந்து ஒரு நொடி அப்படியே நிற்கும். அதுதான் உங்கள் 'ஆ'. அதே கைகள், புருவம் உயராமல் காட்டினால் 'கொடுத்தார்' என்ற செய்தி. கேள்வியே இல்லை.

குழந்தை ஏன் உங்கள் முகத்தையே பார்க்கிறாள் என்று இப்போது புரிகிறதா? கேள்வியை அங்கே தேடுகிறாள். நீங்கள் விரலில் வைத்திருக்கிறீர்கள்.

யமுனைக்கரை

படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் தம்பி. கை சரியாக வர வேண்டுமே என்ற கவனத்தில் நான் கேட்கும்போது முகத்தை அசைக்காமல்தான் வைத்திருப்பேன்.

ஒரு சந்தேகம். பையன் அடித்ததை அவள் காட்டியது அவளாகச் செய்தது. யாரும் சொல்லித்தரவில்லை. அதை எப்படி இலக்கணம் என்று சொல்கிறீர்கள்? காது கேட்கிற குழந்தை கூட "அங்கேர்ந்து வந்து அடிச்சான்" என்று கையைக் காட்டத்தானே செய்யும்?

ஸ்பீச்_துவாரகா

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். சைகை மொழிக்கு இலக்கணம் இருக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கவலை வேறு. நாலு வயசு என்பது கேட்கும் பயிற்சிக்குக் கடைசிக் கட்டம் மாதிரி. ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? வீடு முழுக்கச் சைகைக்குப் போய்விட்டால் குழந்தை கேட்க முயற்சி செய்வதை விட்டுவிடுகிறது. என் அனுபவத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் காது, அது முடியாது என்று உறுதியான பிறகு கை.

ஜனக்புரி_செல்வி

எனக்குக் காது கேட்காது. மதுரையில் தமிழ் மீடியத்தில் படித்தேன், கல்யாணமாகி ஜனக்புரிக்கு வந்தேன்.

ஸ்பீச் மேடம், 'முதலில் காது' என்று சொல்லித்தான் என்னை ஏழு வயசு வரை வைத்திருந்தார்கள். உதட்டைப் பார்த்துப் படிக்கச் சொன்னார்கள். 'பாட்டு', 'மாட்டு', 'பாட்டி' மூன்றும் உதட்டில் எனக்கு ஒன்றுதான். வகுப்பில் கையைக் கட்டி உட்கார வேண்டும். ஹாஸ்டலில் ராத்திரி பெரிய அக்காக்களிடம்தான் மொழி கற்றேன். அவர்களிடம் கற்ற பிறகுதான் தமிழ் எழுதவும் வந்தது. யார், எப்போது, ஏன் என்று கேட்கவே அதற்கு முன் எனக்கு வழி இல்லை. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு 'எதற்காக' என்ற சொல்லை எழுதிக் காட்டினால் என்ன விளங்கும்? இம்பிளான்ட் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபரேஷனுக்கும் அதற்குப் பிந்தைய பயிற்சிக்கும் ஆகும் காலத்தில் பிள்ளை எதில் யோசிக்கும்?

டெல்லி வந்த புதிதில் இங்கே கிழமைகள், நிறங்கள், சாப்பாட்டுப் பெயர்கள் எனக்குப் புதிதாக இருந்தன. தவித்தேன். ஆனால் கேள்வி கடைசியில் வருவது, 'இல்லை' கடைசியில் வருவது, ஆட்களை இடத்தில் நிறுத்திப் பேசுவது எல்லாம் மதுரையில் இருந்தது போலத்தான். அதனால் சீக்கிரம் பழகிவிட்டது. எனக்கு இந்தி இன்றுவரை வராது. இங்கே காட்டுவது கையில் பேசும் இந்தி என்றால் நான் எப்படிப் புரிந்துகொண்டேன்?

பழைய_ஸ்டெனோ

செல்வி அம்மா சொல்வது யோசிக்க வைக்கிறது. ஆனால் இதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி. ஊருக்கு ஊர் சொல் மாறுகிறது என்றால் இந்திய சைகை மொழி என்று ஒன்று இருக்கிறதா, அல்லது பல இருக்கின்றனவா? அகராதி வேறு போட்டிருக்கிறார்களே, யாருடைய சொல்லை வைத்து?

கைப்பேச்சு

சார், அது இன்னும் விவாதத்தில் இருப்பதுதான். 1970-களில் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர் சைகைகளை ஒப்பிட்டார்கள். முக்கால்வாசிச் சொற்கள் உறவுள்ளவை என்று கண்டார்கள். அதை ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்று சொல்கிறவர்களும் உண்டு, நெருங்கிய தனி மொழிகள் என்கிறவர்களும் உண்டு. இங்கே டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு ஆரம்பித்து 2021-இல் 10,000 சொற்களுக்கு அகராதியைக் கொண்டுபோனது. பெரிய வேலை. ஆனால் அகராதி இலக்கணம் கற்றுத்தராது. அதிலிருந்து சொல்லை எடுத்து இந்தி வரிசையில் அடுக்குகிறவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், கையை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். முகம் அசையாது. வாய் முழு இந்தி வாக்கியத்தையும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், கை அதைத் துரத்தும். மூன்று பேரைப் பற்றிப் பேசினாலும் மூன்று பேரும் மார்புக்கு நேரே ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். 'கொடு' எப்போதும் ஒரே திசையில் போகும். பார்க்கிற காது கேளாதவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். முடிந்ததும் "யார் யாருக்குக் கொடுத்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. ஒவ்வொரு சொல்லும் தெரியும், கதை தெரியாது.

இதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. கை நாக்கைவிடப் பெரியது, மெதுவானது. ஒரு சைகை காட்டும் நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு சொல் பேசிவிடலாம். ஆனால் ஒரே கதையை ஒருவர் அமெரிக்க சைகை மொழியிலும் ஆங்கிலத்திலும் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகின்றன என்று 1972-இலேயே உர்சுலா பெல்லுகியும் சூசன் ஃபிஷரும் அளந்து காட்டினார்கள். இடம், திசை, புருவம், தலை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதால்தான் அது முடிகிறது. பேச்சின் ஒவ்வொரு சொல்லையும் விகுதியையும் கையால் காட்டினால் அந்தச் சேமிப்பு போய்விடும். வாக்கியம் இழுத்துக்கொண்டே போகும். நாலு வயசுக் குழந்தை 'டீச்சர்' என்று நீங்கள் ஆரம்பித்ததை 'கொடுத்தாங்களா' வருவதற்குள் விட்டுவிடும்.

இப்போது அக்கா கேட்டது. அவள் செய்தது வெறும் காட்டலா, இலக்கணமா? நியாயமான சந்தேகம், ஒரு முறை பார்த்ததை வைத்து நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குழந்தைகள் இதைத் தாங்களாகவே செய்வார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் ஆங்கிலத்தை அப்படியே கையால் காட்டும் செயற்கை முறையை மட்டுமே பார்த்து வளர்ந்த காது கேளாத குழந்தைகளை சாமுவேல் சுபல்லா ஆராய்ந்து 1991-இல் எழுதினார். அந்த முறையில் வினை திசை மாறாது. குழந்தைகள் அதை மாற்றி, ஆள் இருக்கும் இடத்திலிருந்து ஆள் இருக்கும் இடத்துக்கு வினையை நகர்த்த ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் காட்டாததைப் பிள்ளைகள் செய்தார்கள். நிகராகுவாவில் இன்னும் பெரிதாக நடந்தது. 1970-களின் கடைசியில் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து உதட்டசைவும் ஸ்பானிஷும் சொல்லிக்கொடுத்தார்கள், அது ஏறவில்லை. மைதானத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு மொழியைக் கட்டிக்கொண்டார்கள். அதில் இடத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியது முதலில் வந்த பெரிய பிள்ளைகள் அல்ல, பிறகு வந்து சேர்ந்த சின்னவர்கள்.

வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழி. எதிரில் இல்லாத இரண்டு பேரைப் பற்றிய சம்பவத்தை அவளைச் சொல்லச் சொல்லுங்கள். பையன் வீடு உண்மையிலேயே வலது பக்கம் இருந்தால் அவள் சுட்டியது வெறும் திசையாக இருக்கலாம். ஆனால் ஊரில் இருக்கும் பாட்டியைக் காற்றில் ஒரு இடத்தில் வைத்து, நடுவில் வேறு எதையோ சொல்லிவிட்டு, மறுபடி பாட்டி வரும்போது அதே இடத்துக்குத் திரும்புகிறாளா என்று பாருங்கள். திரும்பினால் அது 'அங்கே' என்ற காட்டல் இல்லை.

மீசை, மூக்குத்தி பற்றியும் ஒரு வார்த்தை. 'பெண்' என்ற அந்தச் சைகையோடு உடன்பிறந்தவரைக் குறிக்கும் சைகை சேர்ந்தால் அக்கா தங்கை. அதற்குப் பதிலாக ஆண் சைகை சேர்ந்தால் அண்ணன் தம்பி. மூக்கே குத்தாத நாலு வயசுப் பெண்ணுக்கும் அதே சைகைதான், அதைக் காட்டும்போது யாரும் மூக்குத்தியை நினைப்பதில்லை. எங்கிருந்து பிறந்தது என்பது ஒன்று, மொழிக்குள் என்ன வேலை செய்கிறது என்பது வேறு.

கரோல்பாக் சார், உங்கள் அப்பாவுக்கு இது உதவுமா என்று யோசிக்க வேண்டும். எழுபத்தி நாலில் புது மொழி கற்பது கஷ்டம், அவரோடு வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும். அவருக்குத் தமிழ் முழுசாக இருக்கிறது. முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் எழுதிக் காட்டுங்கள், டிவியில் எழுத்து ஓடவிடுங்கள்.

ஸ்பீச்_துவாரகா

செல்வி மேடத்துக்கு நடந்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அன்றைய மெஷின் வேறு, இன்றைய இம்பிளான்ட் வேறு. இரண்டும் சேர்ந்தே போகலாம் என்றால் சரி, ஆனால் வீட்டில் தினமும் பேச்சும் இருக்க வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜனக்புரி_செல்வி

பேச்சு இருக்கட்டும் மேடம். ஒரே நேரத்தில் வாயும் கையும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சைகைதான் சிதைந்துபோகும். எங்களுக்கு உடனே தெரியும். பேசும்போது பேசுங்கள், காட்டும்போது காட்டுங்கள்.

யமுனைக்கரை

பார்த்தேன் தம்பி. தஞ்சாவூரில் இருக்கும் பாட்டியையும், போன வாரம் வந்துபோன மாமாவையும் பற்றிக் கேட்டேன். பாட்டியை இடது பக்கம் வைத்தாள். மாமாவை வலது பக்கம். 'கொடு' என்ற கை இடமிருந்து வலம் போனது, ஏதோ சாப்பிடுவதற்கு. நடுவில் பூனை ஒன்று வந்தது, அதைப் பற்றி நிறைய. பிறகு மறுபடி இடது பக்கம் சுட்டிச் சிரித்தாள், பாட்டி என்ற சைகையைக் காட்டாமலே. ஆனால் மாமாவை இரண்டாவது தடவை வேறு இடத்தில் வைத்துவிட்டாள். அது கணக்கில் சேருமா?

நானும் புருவத்தை உயர்த்தி, கடைசியில் நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். "மாமா உனக்குக் கொடுத்தாரா?" உடனே தலையை ஆட்டி 'இல்லை' என்று கையையும் காட்டினாள். ஒரு முழுக் கேள்விக்கு அவள் எனக்குச் சொன்ன முதல் பதில்.

கைப்பேச்சு

மாமா இடம் மாறியது பெரிய விஷயம் இல்லை அக்கா. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, முதல் நாளிலிருந்து சைகை பார்க்கிற குழந்தைகளே நாலு வயசில் எதிரில் இல்லாத ஆட்களின் இடத்தைக் குழப்புவார்கள். அது நிலைக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும். ஆனால் அது தானாக நிலைக்காது, அவளிடம் அப்படிப் பேசுகிறவர்கள் வேண்டும். நீங்கள் இப்போதுதான் கற்கிறீர்கள், உங்கள் ஒருவரால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அம்மா வீட்டில் இருப்பார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மூனிர்கா வாருங்கள், தனிச் செய்தியில் விலாசம் அனுப்புகிறேன். செல்வி அக்கா, உங்களால் வர முடியுமா? அம்மாவுக்கு டெல்லி வழக்கு மட்டும்தான் தெரியும், பாட்டியும் தஞ்சாவூரும் தோசையும் நம் பக்கத்துச் சைகையிலும் அவளுக்கு வரட்டும்.

ஜனக்புரி_செல்வி

வருகிறேன். தோசைக்கு எங்கள் சைகைதான் சரி, அதை முதலில் முடிவு செய்துவிடுவோம்.

பழைய_ஸ்டெனோ

வினை கடைசியில் வருவது எதேச்சையாக ஒத்துப்போனதா, பக்கத்தில் இருக்கும் மொழிகளிலிருந்து கொஞ்சம் ஒட்டியதா என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்த ஜெர்மன் அம்மா இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.